ரூ.900 வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரில் ஒரு சிறிய பம்ப்செட் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 2025 மே மாதக் கொள்முதல் பில்களைக் கணக்காளர் கூட்டிப் பார்க்கிறார். அவற்றில் உள்ள ஜி.எஸ்.டி. மொத்தம் ரூ.2,51,100. ஜூன் 14 அன்று ஜி.எஸ்.டி. இணையதளம் தானாகத் தயாரித்துக் கொடுத்த கொள்முதல் அறிக்கையில், பில்களின் வரி மொத்தம் ரூ.2,50,200. வித்தியாசம் வெறும் தொள்ளாயிரம் ரூபாய். ஏதோ ஒரு சில்லறை பில் விட்டுப்போயிருக்கும் என்று மாத ரிட்டர்னைப் போட்டுவிடத் தோன்றும்.

ஆனால் அந்தப் பட்டறை அந்த மாதம் எடுக்கத் தகுதியுள்ள தொகை ரூ.1,83,600 மட்டும்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொகை எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பம்பு விற்கும்போது வாடிக்கையாளரிடம் 18 சதவீதம் வரி வசூலிக்கிறார் பட்டறைக்காரர். அந்தப் பம்புக்கான வார்ப்பு, காப்பர் கம்பி, பேரிங் வாங்கும்போது அவரே வரி கொடுத்திருக்கிறார். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டலாம். இந்தக் கழிவுக்குச் சட்டத்தில் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கடைத்தெருவில் ‘இன்புட்’ என்றால் போதும். கையில் முறையான பில் இருந்தால் இன்புட் எடுக்கலாம் என்பதுதான் பலர் மனத்தில் இன்னும் இருக்கும் கணக்கு. அது பழைய கணக்கு.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, விற்றவர் ஏற்றிய பில்லை வாங்கியவர் தளத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. நடைமுறையில் அது தள்ளாடியது; அதே ஆண்டு நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. அதன்பின் கொஞ்ச காலம், நிறுவனம் தானே ஒரு தொகையை எழுதி இன்புட் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைதான். 2019 அக்டோபரில் கயிறு இறுகத் தொடங்கியது. விற்றவர் ஏற்றிய பில்களின் தகுதியான வரவுக்கு மேல், ஏற்றாத பில்களுக்காக 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். 2020 ஜனவரியில் அது 10 ஆனது, 2021 ஜனவரியில் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யம். அன்றிலிருந்து, விற்றவர் தன் விற்பனை ரிட்டர்னில் பில்லை ஏற்றி, அது வாங்கியவரின் அறிக்கையில் வந்து விழுந்தால்தான் இன்புட். பில் பீரோவில் பத்திரமாக இருந்தாலும், அதற்குப் பணம் கொடுத்தாகிவிட்டாலும், அறிக்கையில் வராதவரை அந்த வரி கையில் இல்லை.

அந்த அறிக்கைதான் ஜிஎஸ்டிஆர்-2பி. 2020இல் அறிமுகமானது. அதற்கு முன்பிருந்தே 2ஏ என்ற இன்னொன்று உண்டு. விற்றவர்கள் ஏற்ற ஏற்ற அது மாறிக்கொண்டே இருக்கும். இன்று பார்த்த தொகை நாளை இருக்காது. 2பி அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில் கோடு போட்டு, அதுவரை வந்ததை மட்டும் அந்த மாதத்துக்கு என்று நிறுத்திவிடும்.

மே மாதத்தையே எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் தாக்கல் செய்யும் விற்பனையாளர்கள் தங்கள் மே மாதப் பில்களை ஜூன் 11க்குள் ஏற்ற வேண்டும். ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். அவர்கள் விரும்பினால் ஜூன் 13க்குள் மே மாதப் பில்களை மட்டும் தனியாக ஏற்றலாம், கட்டாயமில்லை. 14ஆம் தேதி 2பி தயார். பட்டறை தன் மாத ரிட்டர்னான 3பியை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். பில் பில்லாக ஒப்பிட, ஆளைக் கூப்பிட்டுக் கேட்க, திருத்த, இடையில் கிடைப்பது ஆறு நாள்.

2பியை அரசு தயாரித்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுதியவர் உங்களுக்குச் சரக்கு விற்ற ஏதோ ஒரு கடையின் கணக்காளர். அவர் ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றி அடித்தால், உங்கள் பில் வேறொருவர் கணக்கில் போய் உட்காரும். வேறு யாரோ செய்த தவறால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பில் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். இப்படி வரும் வரிகளையெல்லாம் சரிபார்த்துத்தான் 2பி வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். தளம் பார்ப்பதெல்லாம் எண்ணின் வடிவம் சரியா, காலக்கெடு தாண்டிவிட்டதா, எந்த மாநில வரி என்பது போன்ற சிலவற்றைத்தான். உங்கள் சரக்கு வந்து இறங்கியதா என்பது அதற்குத் தெரியாது.

இனி பட்டறையின் பில்கள். அதன் கணக்கில் மே மாதத்துக்கு இருப்பவை ஐந்து பேருடைய பில்கள். ஃபவுண்டரியில் வாங்கிய வார்ப்புக்கு வரி ரூ.1,08,000. காப்பர் கம்பிக்கு ரூ.81,000. அகமதாபாத்திலிருந்து வாங்கிய மோட்டார் ஸ்டாம்பிங்குக்கு ரூ.36,000. பேரிங் கடைக்கு ரூ.10,800. சப்மெர்சிபிள் கேபிள் விற்றவருக்கு ரூ.15,300. கூட்டினால் ரூ.2,51,100.

2பியிலும் ஐந்து பேர்தான். ஃபவுண்டரி ரூ.1,08,000, காப்பர் ரூ.81,000, ஸ்டாம்பிங் ரூ.36,000 மூன்றும் அப்படியே இருக்கின்றன. பேரிங் கடையும் கேபிள்காரரும் இல்லை. அவர்களுக்குப் பதிலாக, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் ரூ.21,600, கார் சர்வீஸ் மையத்தின் பெயரில் ரூ.3,600. கூட்டினால் ரூ.2,50,200. இது போக, தனிப் பகுதியில் ஃபவுண்டரி போட்ட கிரெடிட் நோட் ஒன்று, ரூ.5,400க்கு. கணக்கில் ரூ.26,100 வராமல் போனதும், 2பியில் ரூ.25,200 தேவையில்லாமல் வந்ததும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால்தான் வித்தியாசம் தொள்ளாயிரமாகத் தெரிந்தது. மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல என்று ஆடிட்டர்கள் அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ஒப்பிடும் வேலையை எக்செலில் செய்தாலும் சரி, கணக்கு மென்பொருளில் செய்தாலும் சரி, முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண். பெயரை வைத்து ஒப்பிடக் கூடாது. உங்கள் கணக்கில் கடைப்பெயர் இருக்கும், 2பியில் பதிவுப்பெயர் இருக்கும், இரண்டும் சேராது. எண்ணோ பதினைந்து இலக்கம். முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். இந்த இரண்டையும் கோத்துப் பார்த்து ஒத்துப்போகும் பில்களை எடுத்து ஓரம் வைத்துவிட்டால், மிஞ்சுவது கொஞ்சம்தான். ஓரம் வைப்பதற்கு முன் தேதி, சரக்கின் மதிப்பு, வரி எந்தத் தலைப்பில் இருக்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். வெளிமாநிலக் கொள்முதலுக்கு ஐ.ஜி.எஸ்.டி., உள்மாநிலக் கொள்முதலுக்கு மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. தொகை சரியாக இருந்து தலைப்பு மாறியிருந்தால் அதுவும் வித்தியாசம்தான்.

பட்டறையில் முதல் சல்லடையில் ஃபவுண்டரியின் ஒரு பில்கூட நின்றுவிட்டது. தாளில் SF/0147/25-26 என்று அச்சாகியிருக்கிறது; பட்டறைக் கணக்கில் அவசரத்துக்கு வெறும் 147 என்று அடித்திருக்கிறார்கள். கணினிக்கு இவை இரண்டு வேறு பில்கள். அதனால் ஒரே பில் இரண்டு பக்கமும் ‘காணவில்லை’ என்று வரும். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள், பூஜ்யங்கள், சாய்கோடு, ஆண்டுக் குறிப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஒப்பிட்டால் இது சேர்ந்துவிடும். இன்னும் மிஞ்சினால், அதே ஜி.எஸ்.டி. எண்ணில் அதே வரித்தொகை இருக்கிறதா என்று தேடலாம். இந்த வகை வித்தியாசத்தில் பணம் எதுவும் போகாது. ஆனால் இது நிறைய வரும். உண்மையான ஓட்டைகளை மூடி மறைக்கும். பில்லைக் கணக்கில் ஏற்றும்போதே தாளில் உள்ளபடி எண்ணை அடிக்கப் பழக்கிவிட்டால் மாதத்தில் அரைநாள் மிச்சம்.

அடுத்து, கணக்கில் இருந்து 2பியில் வராதவை. கணக்காளர் பேரிங் கடைக்குப் போன் போட்டார்.

“அண்ணா, மே மாசப் பில்லு டூபியில வரலைங்க.”

“நாங்க மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானுங்க ஃபைல் பண்றோம். ஜூலையில வந்துருமுங்க.”

பொய்யில்லை. காலாண்டுத் தாக்கல்காரர் ஏப்ரல், மே, ஜூன் பில்களை ஜூலை 13க்குள் ஏற்றினால் போதும். அது ஜூலை 14இல் வரும் 2பியில் விழும். ரூ.10,800ஐ அப்போது எடுத்துக்கொள்ளலாம். தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதுவரை அந்தத் தொகையைப் பட்டறை தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். இதே பேரிங் கடையில் மாதம் ஐந்து லட்சத்துக்கு வாங்குபவராக இருந்தால், மாதப் பில்களைத் தனியாக ஏற்றும் வசதியைப் பயன்படுத்தச் சொல்லி முன்கூட்டியே பேசிவைப்பார். அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்குபவர் சொன்னால் கடைக்காரர் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

கேபிள்காரர் விஷயம் அப்படியல்ல. அவர் மாதத் தாக்கல் செய்பவர். 11ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டும்விட்டார். பில்லில் பட்டறையின் ஜி.எஸ்.டி. எண்ணைத் தெளிவாகவே போட்டிருக்கிறார். ஆனால் ரிட்டர்னில், பதிவில்லாத சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்ற மொத்தத்தில் இதையும் சேர்த்துவிட்டார். அரசுக்கு வரி போய்ச் சேர்ந்துவிட்டது. யாருக்கான பில் என்ற தகவல்தான் போகவில்லை. அவர் அடுத்த விற்பனை ரிட்டர்னில் சில்லறை மொத்தத்தைக் குறைத்து, இந்தப் பில்லைப் பட்டறையின் எண்ணில் தனியாகக் காட்ட வேண்டும். அதுவரை ரூ.15,300 இல்லை. பேரிங் கடையிடம் காத்திருந்தால் போதும். கேபிள்காரரிடம் காத்திருந்தால் எந்தக் காலத்திலும் வராது. 2பியில் ‘காணவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். போன் போட்டுக் கேட்டால்தான் பிரியும். போனோடு நிற்காமல், பில் எண், தேதி, தொகையோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவைப்பது பின்னால் உதவும்.

ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்-இன்வாய்ஸ் போட வேண்டும். அவர்கள் பில் போடும்போதே அது அரசுத் தளத்தில் பதிவாகி, அந்தத் தகவல் விற்பனை ரிட்டர்னுக்கும் தானாகப் போய்விடும். பெரிய காப்பர் வியாபாரி பில் எப்போதும் சுத்தமாக வருவதற்கு இதுதான் காரணம். எனவே ஆறு நாள் அவகாசத்தைச் சிறிய விற்பனையாளர்களிடம் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது வகையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: 2பியில் இருக்கிறது, ஆனால் எடுக்கக் கூடாது. வராத பில்லுக்கு வருத்தப்படும் முதலாளி, வந்த பில்லைக் கேள்வி கேட்பதில்லை.

அகமதாபாத் ஸ்டாம்பிங் பில் மே 28ஆம் தேதியிட்டது. விற்றவர் ஒழுங்காக ஏற்றிவிட்டார்; 2பியில் ரூ.36,000 பளிச்சென்று இருக்கிறது. லாரி வந்து சேர்ந்தது ஜூன் 3 அன்று. சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது இன்புட்டுக்கான தனி நிபந்தனை. பில் வந்ததும் 2பியில் தெரிவதும் அதற்கு ஈடாகாது. ஆகவே இது ஜூன் மாத வரவு. மாத இறுதியில் வெளிமாநிலத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரியிலும் இந்தச் சிக்கல் ஏறி வருகிறது. கணக்காளரின் மேசையில் இதற்கு விடை இல்லை. வாட்ச்மேன் வைத்திருக்கும் கேட் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

கேள்விப்படாத நிறுவனத்தின் ரூ.21,600 யாரோ தவறான எண்ணை அடித்ததால் வந்தது. பட்டறை எதுவும் வாங்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. கையில் பில்லே கிடையாது. ‘அரசே கொடுக்கும்போது நமக்கென்ன’ என்று எடுத்தால், சரக்கு வாங்காமல் இன்புட் எடுத்தவர் ஆகிவிடுவோம். போலி பில் விசாரணைகளில் அதிகாரிகள் தேடுவதும் இதைத்தான்.

கார் சர்வீஸ் பில் உண்மையானது. முதலாளியின் காருக்குச் செய்த வேலை, பட்டறையின் பெயரிலேயே போட்ட பில். ஆனால் பதின்மூன்று பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கும், அதன் பழுதுபார்ப்புக்கும், இன்சூரன்ஸுக்கும், டாக்சி ஓட்டுவது போன்ற சில தொழில்களைத் தவிர மற்றவர்கள் இன்புட் எடுக்கச் சட்டம் தடை விதித்திருக்கிறது. சாப்பாடு, கேட்டரிங் போன்றவற்றுக்கும் பொதுவாக இதே கதிதான். 2பி இதைப் பிரித்துக் காட்டாது. ‘வரவு உண்டு’ என்ற பகுதியிலேயே வைத்திருக்கும். அந்தத் தளத்துக்குக் கார் யாருடையது என்று தெரியாதல்லவா?

கடைசியாக அந்தக் கிரெடிட் நோட். முப்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள வார்ப்புகளில் காற்றுத்துளை இருந்ததால் பட்டறை திருப்பி அனுப்பியது. ஃபவுண்டரி அதற்குக் கிரெடிட் நோட் போட்டு, தன் வரியில் ரூ.5,400ஐக் குறைத்துக்கொண்டது. திருப்பி அனுப்பியது ஸ்டோர்ஸில் எழுதப்பட்டிருக்கிறது; அலுவலகக் கணக்குக்கு வரவில்லை. விற்றவர் குறைத்துக்கொண்ட வரியை வாங்கியவரும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ரிட்டர்ன் சலானை எடுத்துத் தொகை சரியா என்று பார்த்துவிட்டு, கணக்கில் ஏற்றிக் கழிக்க வேண்டியதுதான்.

இத்தனையையும் தளத்தில் எப்படித் தெரிவிப்பது? 2024 அக்டோபரில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்ற ஒரு பகுதி வந்தது; சுருக்கமாக ஐ.எம்.எஸ். விற்றவர் பில்லைத் தளத்தில் சேமித்ததுமே அது இங்கே தெரியும். ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவுமே செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். அதாவது, பட்டறை பேசாமல் இருந்தால் எல்லாமே 3பியில் தானாக வந்து நிரம்பும். கிரெடிட் நோட்டைக் கழித்து, ரூ.2,44,800 என்று. அதில் ரூ.61,200 எடுக்கக் கூடாத தொகை.

கணக்காளர் செய்தது இது. கேள்விப்படாத நிறுவனத்தின் பில்லை நிராகரித்தார். ஸ்டாம்பிங் பில்லை நிலுவையில் வைத்தார். 14ஆம் தேதிக்குப் பிறகு இப்படி மாற்றினால் 2பியை மறுபடி கணக்கிடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; அதை மறந்தால் பழைய தொகைதான் நிற்கும். அழுத்தியதும் 2பி ரூ.1,87,200 ஆனது. கார் பில்லை நிராகரிக்கவில்லை. அது உண்மையான பில். விற்றவர் மீது தவறில்லை. அதை ஏற்றுக்கொண்டு, 3பியின் 4(B)(1) கட்டத்தில் ரூ.3,600ஐத் திருப்பிக் கொடுத்தார். அது நிரந்தரமாகத் திருப்புவதற்கான கட்டம். மிஞ்சியது ரூ.1,83,600.

பக்கத்திலேயே 4(B)(2) என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. இப்போதைக்குத் திருப்பி, பின்னால் மறுபடி எடுக்கக்கூடியவை அங்கே. ஸ்டாம்பிங் பில்லை ஐ.எம்.எஸ்.ஸில் நிலுவையில் வைக்க மறந்திருந்தால், 2பியில் வந்த ரூ.36,000ஐ எடுப்பது போல எடுத்து, இங்கே திருப்பி, அடுத்த மாதம் மீட்டுக்கொள்ளலாம். தளம் இதற்கென ஒரு தனிப் பேரேடு வைத்திருக்கிறது. கார் பில்லை இங்கே போட்டால், மீண்டும் எடுக்கப்போவதாகச் சொன்னது போலாகிவிடும். இரண்டு கட்டங்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

தவறாக எடுத்தால் என்ன ஆகும்? எடுத்த வரவு கணக்கில் சும்மா கிடந்தால் வட்டி இல்லை. அதைப் பயன்படுத்தி வரி கட்டியிருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ரூ.61,200க்கு அது மாதம் ஏறக்குறைய ரூ.918. வட்டியைவிடப் பெரிய தொல்லை நோட்டீஸ். 2பியில் உள்ளதைவிட 3பியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடுத்தால், DRC-01C என்ற அறிவிப்பு தானாக வரும். ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும் அல்லது விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடுத்த விற்பனை ரிட்டர்னைத் தளம் ஏற்காது. உங்கள் ரிட்டர்ன் நின்றால், உங்களிடம் பம்பு வாங்கிய டீலருக்கு 2பியில் உங்கள் பில் வராது. அவர் உங்களுக்குப் போன் போடுவார்.

கவனியுங்கள், இந்த அறிவிப்பு 2பியைவிட அதிகம் எடுத்தால்தான் வரும். 2பியில் இருந்ததை அப்படியே எடுத்த காருக்கும் லாரிக்கும் எந்த மணியும் அடிக்காது. அவை ஆண்டுகள் கழித்து, தணிக்கையில் லாரி ரசீதையும் கேட் ரிஜிஸ்டரையும் கேட்கும்போது வெளிவரும்.

விற்றவர் பில்லை ஏற்றாமல் இழுத்தடித்தால் வரித்தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கேபிள்காரர் விஷயத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்கு முழுத்தொகையும் போய்ச் சேர வேண்டும். கொடுக்காத பங்குக்கான இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். கொடுத்தபின் மறுபடி எடுக்கலாம். பில் 2பியில் வந்த பிறகும் நிறுத்திவைத்ததை மறந்துபோனவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

எல்லாம் ஒத்துப்போன பில்லுக்கும் ஒரு கண்டம் பாக்கி இருக்கிறது. விற்றவர் பில்லை ஏற்றிவிட்டு, வரியைக் கட்டும் 3பியைப் போடாமல் விட்டால்? பில் உங்கள் 2பியில் வந்துவிடும். அரசுக்குப் பணம் போயிருக்காது. விற்றவர் வரியைச் செலுத்தியிருக்க வேண்டும் என்பதும் இன்புட்டுக்கான நிபந்தனை. நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரையிலும் அவர் 3பி போடவில்லையென்றால், நவம்பர் 30க்குள் நீங்கள் அந்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். அதற்குள் திருப்பினால் வட்டி இல்லை. அவர் எப்போது போடுகிறாரோ அப்போது மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர் போட்டாரா என்பதை 2ஏயில் பார்க்கலாம். 2பி வந்தபின் 2ஏ எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

இந்த நிபந்தனை வாங்கியவரைத் தண்டிக்கிறது என்ற முறையீடு நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. 2021இல் ரப்பர் ஷீட் வியாபாரிகள் தொடுத்த வழக்கில், விற்றவர்களை விசாரிக்காமலும் அவர்கள்மீது வசூல் நடவடிக்கை எடுக்காமலும் வாங்கியவர்கள்மீது மட்டும் பொறுப்பைச் சுமத்திய உத்தரவை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் ரூ.15,300க்காக உயர் நீதிமன்றப் படி ஏறுகிற பட்டறைக்காரர் யார்? வழக்குக்குப் போவதைவிட, செப்டம்பருக்கு முன் ஒருமுறை பட்டியலைப் புரட்டுவது மலிவு.

அந்தப் பட்டியல் மாதாமாதம் நகர்ந்துகொண்டே போகும். மே மாதத்தில் மூன்று பெயர்கள் அதில் ஏறின: பேரிங், கேபிள், ஸ்டாம்பிங். கணக்கில் இவற்றை இன்புட் தலைப்பில் வைக்காமல், ‘வர வேண்டிய இன்புட்’ என்று தனிப் பேரேட்டில் வைத்தார் கணக்காளர். ஜூலை 14 அன்று வந்த ஜூன் மாத 2பியில் பேரிங் பில் இருந்தது. ஸ்டாம்பிங் பில்லை ஐ.எம்.எஸ்.ஸில் நிலுவையிலிருந்து ஏற்புக்கு மாற்றியதும் அதுவும் வந்தது. இரண்டும் சேர்ந்து ரூ.46,800. தனிப் பேரேட்டில் மிச்சம் கேபிள்காரரின் ரூ.15,300 மட்டும். ஜூலையிலும் அவர் திருத்தவில்லை. கணக்காளர் மறுபடி மின்னஞ்சல் அனுப்பினார், வரித்தொகை நிறுத்திவைக்கப்பட்டிருப்பதையும் அதில் எழுதினார். ஆகஸ்ட் விற்பனை ரிட்டர்னில் அவர் பில்லைச் சரியாகக் காட்ட, செப்டம்பர் 14இல் வந்த 2பியில் அது விழுந்தது. நிறுத்திவைத்த பணமும் அதே வாரம் அவருக்குப் போனது.

அவர் திருத்தாமலே இருந்திருந்தால், 2025-26 நிதியாண்டின் பில் என்பதால் 2026 நவம்பர் 30 வரையோ, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னைப் பட்டறை போடும் நாள் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை இன்புட் எடுக்க வாய்ப்பு இருக்கும். அதற்குப் பிறகு அவர் ஏற்றினாலும், அந்த வரி பம்பின் அடக்கவிலையில் சேர வேண்டியதுதான்.